அடைவு வைச்ச சங்கிலியால M1 கூடுமா?

ஏ.எல் எக்கோன் படிக்கிற பிள்ளையளை நித்திரையில எழுப்பிக் கேட்டாலும் வரைவிலக்கணம் சொல்லுவினம். ஒடுங்கிய பண நிரம்பல் எண்டா பொதுமக்கள் வசமுள்ள நாணயமும் வர்த்தக வங்கியள்ல பொதுமக்கள் வைச்சிருக்கிற கேள்வி வைப்பும், அதுதான் M1. அதோட சேமிப்பு வைப்பையும் தவணை வைப்பையும் கூட்டினா விரிந்த பண நிரம்பல், M2. இது ஒருத்தருக்கும் பிரச்சினை இல்லை. பிரச்சினை எங்க வருதெண்டா, "ஒருவர் தனது சேமிப்புக் கணக்கிலிருந்து 50,000 ரூபாவை ஏ.ரி.எம் ஊடாக மீளப் பெறுகின்றார், M1, M2 என்பவற்றுக்கு யாது நிகழும்?" எண்டு கேள்வியை ஒருக்கா திருப்பிப் போட்டுக் கேக்கேக்கதான். வங்கியில இருந்து காசு வெளியால போகுது, அப்ப ரெண்டும் குறையும் எண்டு கோடு போட்டிட்டு வந்திடுவினம். சரியான விடை M1 50,000 ஆல கூடும், M2 அசையாது.

ஏனெண்டா மெசினுக்குள்ள இருந்த அந்தத் தாள்கள் அதுவரைக்கும் பண நிரம்பல்லயே இல்லை. வங்கியின்ர பெட்டகத்திலயும் ஏ.ரி.எம் மெசினுக்குள்ளயும் கிடக்கிற காசை M1 எண்ணாது, M2 வும் எண்ணாது. அது பொதுமக்கள்ட கைக்கு வந்த செக்கன்தான் நாணயம் எண்டு கணக்கில ஏறுது. மற்றப் பக்கம் சேமிப்புக் கணக்கில அதே 50,000 குறையுது, ஆனா சேமிப்புக் கணக்கு M1 க்குள்ள இருந்ததே இல்லை, M2 க்குள்ளதான் இருந்தது. ஆக M1 க்கு ஒரு வரவு மட்டும், M2 க்கு ஒரு வரவும் ஒரு செலவும். இதே ஆள் நடைமுறைக் கணக்கில இருந்து எடுத்திருந்தா M1 உம் அசைஞ்சிராது, கேள்வி வைப்புக் குறைஞ்சு நாணயம் கூடும், உள்ளுக்குள்ள இடம் மாறும், அவ்வளவுதான்.

இதுக்குப் பெரிய சூத்திரம் தேவையில்லை, காசைப் பாத்து மூண்டு விசயம் கேட்டாக் காணும். இது ஆரிட்ட இருக்கு, எந்த நிறுவனத்தில இருக்கு, எந்த மாதிரிக் கணக்கில இருக்கு. ஆரிட்ட எண்டதுக்கு விடை பொதுமக்களா இருக்கோணும், அரசாங்கமும் இல்லை, மத்திய வங்கியும் இல்லை, வர்த்தக வங்கியும் இல்லை. நிறுவனம் வர்த்தக வங்கியா இருக்கோணும். கணக்கு நடைமுறையா, சேமிப்பா, பிக்ஸ்ட்டா எண்டதில M1 ஓ M2 ஓ எண்டு முடிவாகும். "பொதுமக்கள்" எண்ட சொல்லைப் பிள்ளையள் பாடமாக்கேக்க சும்மா கடந்து போயிடுங்கள், ஆனா வரைவிலக்கணத்தில பாரமான சொல்லு அதுதான், அதை விட்டா மிச்சம் எல்லாம் பிழைக்கும்.

சரி, கதையாவே பாப்பம். பரந்தன் பக்கம் இரணைமடுத் தண்ணியில காலபோகம் விதைக்கிற ஒரு கமக்காரர் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. தொகையள் நான் கணக்குக்காகப் போடுறது, உங்கட ஊர் விலையோட ஒப்பிட்டு என்னோட சண்டைக்கு வராதேங்கோ. செப்டெம்பர் கடைசியில உழவு தொடங்கோணும், கையில காசில்லை, மனிசியின்ர சங்கிலியைக் கொண்டுபோய் ஒரு வர்த்தக வங்கியில அடைவு வைச்சு 3 லட்சம் காசாக் கையில வாங்குறார். இப்ப M1 க்கு என்ன நடந்தது? 3 லட்சம் கூடிட்டு. M2 வும் 3 லட்சம் கூடிட்டு. சங்கிலி வீட்டில இருக்கேக்கயும் பணமில்லை, வங்கிப் பெட்டகத்துக்குப் போன பிறகும் பணமில்லை, அதை ஒரு வரைவிலக்கணமும் எண்ணாது. ஆனா அதைச் சாட்டி வங்கி குடுத்த கடன், முந்தி பொதுமக்கள் கையில இல்லாத 3 லட்சத்தைப் பொதுமக்கள் கையில வைச்சிட்டுது. வங்கி கடன் குடுக்கேக்கதான் பண நிரம்பல் பெருகுது எண்டு பாடத்தில படிக்கிறது இதைத்தான், அதுக்குக் கொழும்புக் கம்பனிக்குக் குடுக்கிற கோடிக்கணக்கான லோன்தான் வேணுமெண்டில்லை, காலபோகத்துக்கு முன்னால வன்னியில அடைவுக் கவுண்டர்ல நிக்கிற கியூவும் அதே வேலையைத்தான் செய்யுது.

அவர் ரக்ரர்காரருக்கு உழவுக்கும் விதைநெல்லுக்குமெண்டு 1 லட்சம் குடுக்கிறார். ஆளிட்ட இருந்து ஆளிட்டக் காசு மாறினதால ஒரு அளவும் மாறாது, ரெண்டு பேரும் பொதுமக்கள்தானே. ஆனா ரக்ரர்காரர் அண்டைக்குப் பின்னேரமே அதைக் கொண்டுபோய்த் தன்ர சேமிப்புக் கணக்கில போடுறார். இப்ப M1 1 லட்சம் குறைஞ்சிட்டு, M2 அப்படியே நிக்குது. பிறகு எங்கட ஆள் பசளை, மருந்துக் கடைக்கு 1 லட்சத்து 50,000 குடுக்க, கடை முதலாளி அதை நடைமுறைக் கணக்கில போடுறார், ஏனெண்டா அவர் கொம்பனிக்கு செக் எழுதோணும். இந்த இடத்தில M1 உம் மாறாது, M2 வும் மாறாது. ரக்ரர்காரரும் கடை முதலாளியும் செய்தது ஒரே வேலை, ரெண்டு பேரும் காசைக் கொண்டுபோய் வங்கியில கட்டினவை, ஆனா ஒராள் கட்டினதால M1 குறைஞ்சுது, மற்றாள் கட்டினதால குறையேல்ல. "வங்கியில் வைப்பிலிடுகின்றார்" எண்டு மட்டும் கேள்வியில இருந்து எந்தக் கணக்கெண்டு சொல்லாட்டி அந்தக் கேள்விக்கு M1 பற்றி விடை சொல்லவே ஏலாது, அப்ப விடைத் தெரிவுகளைப் பாத்துத்தான் ஆள் எதை நினைச்சுக் கேட்டிருக்கிறார் எண்டு பிடிக்கோணும்.

இதுவரைக்கும் கூட்டிப் பாத்தா அடைவுக்குப் பிறகு M1 2 லட்சம் கூட, M2 3 லட்சம் கூட. மிச்ச 50,000 இன்னும் அவற்ற கையிலதான், கூலிக்கும் வீட்டுச் செலவுக்கும்.

மாசி மாசம் வெட்டு முடிஞ்சு நெல்லு வித்தாச்சு. வவுனியா வியாபாரி ஒராள் 9 லட்சத்துக்கு செக் எழுதிக் குடுக்கிறார், இவர் அதைத் தன்ர சேமிப்புக் கணக்கில போடுறார். செக் பணமா எண்டு ஒரு கேள்வி எப்பவும் வரும், இல்லை, செக் ஒரு கட்டளை மட்டும்தான், வியாபாரியின்ர நடைமுறைக் கணக்கில கிடக்கிற கேள்வி வைப்புத்தான் பணம். டெபிட் கார்ட்டும் கிரெடிட் கார்ட்டும் அப்பிடித்தான், பணத்தை எடுக்கிற வழியோ கடன் வாங்கிற வழியோ தவிர பணமில்லை. செக் மாறின உடன வியாபாரியின்ர கேள்வி வைப்பு 9 லட்சம் குறைஞ்சு கமக்காரரின்ர சேமிப்பு 9 லட்சம் கூடுது. M1 9 லட்சத்தால விழுந்திட்டு. M2 மாறேல்ல.

இதுக்குள்ள ஒரு குழி இருக்கு. வியாபாரியின்ர கணக்கில உண்மையில 9 லட்சம் இல்லை, வங்கி அவருக்கு ஓவர்ட்ராப்ட் வசதி குடுத்திருக்கு எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. நெல்லு வாங்கிற சீசன்ல இது சாதாரண விசயம். அப்ப குறையிறதுக்கு அங்க கேள்வி வைப்பே இல்லை, அவர் வங்கிக்குக் கடன்காரர் ஆகிறார், கமக்காரரின்ர புத்தகத்தில மட்டும் புதுசா 9 லட்சம் ஏறுது. M1 அசையாது, M2 9 லட்சத்தால கூடுது. வெளியால இருந்து பாத்தா ஒரே செக், ஒரே தொகை, ஒரே ஆக்கள், ஆனா முதலாவதில M1 விழுந்தது, ரெண்டாவதில M2 ஏறினது. கேள்வியில "வங்கி மேலதிகப்பற்று" எண்ட சொல் இருந்தா அதைக் கடன் எண்டு எடுத்துத்தான் கணக்குப் பாக்கோணும். நாங்கள் இதில வியாபாரி சொந்தக் காசில குடுத்ததா வைச்சுக்கொண்டு போவம்.

அடுத்தது சங்கிலி மீட்பு. சேமிப்புக் கணக்கில இருந்து 3 லட்சம் முதல் கட்டி மீட்கிறார், வட்டியையும் சேர்த்துக் கட்டோணும், அதை இப்போதைக்கு விடுவம். சேமிப்பில 3 லட்சம் குறையுது, அது வேற ஒரு பொதுமகனிட்டப் போகேல்ல, வங்கியிட்டயே திரும்பிப் போட்டுது. M2 3 லட்சம் குறையும். அவர் முதல்ல காசா எடுத்து ஒரு கையில வாங்கி மற்றக் கவுண்டர்ல கட்டியிருந்தா M1 ஒரு அஞ்சு நிமிசத்துக்கு 3 லட்சம் ஏறிப் பிறகு இறங்கியிருக்கும், முடிவு ஒண்டுதான். கடன் குடுக்கேக்க பணம் பிறந்தது, கடன் கட்டேக்க செத்திட்டுது.

இப்ப முழுசா ஒருக்காப் பாருங்கோ. அடைவில +3, மீட்பில −3, M2 தொடங்கின இடத்துக்கே வந்திட்டுது. இடையில ஒரு போகம் நெல்லு விளைஞ்சு, 9 லட்சத்துக்கு வித்து, குடும்பம் முன்னேறியிருக்கு, ஆனா பண நிரம்பல் ஒரு சதமும் கூடேல்ல. விளைச்சல் கூடினா நாட்டில பணம் கூடும் எண்டு எழுதிற பிள்ளையளுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுறது. நெல்லு செல்வம், அது வருமானம், ஆனா பண நிரம்பல் எண்டது இன்னொரு சாமான்.

அந்த 9 லட்சத்தை வியாபாரி குடுக்காமல் நெல் சந்தைப்படுத்தும் சபை வாங்கி அரசாங்கக் கணக்கில இருந்து குடுத்திருந்தாக் கதை மாறும். அரசாங்கத்தின்ர வைப்பு பொதுமக்கள்ட வைப்பு இல்லை, அதால அது M2 க்கு வெளியால நிண்டது, கமக்காரரின்ர கணக்குக்கு வந்த உடன உள்ளுக்க வந்திட்டுது, M2 9 லட்சம் கூடும். ரீச்சர்மாற்ற சம்பளம், அஸ்வெசும எல்லாம் இதே வழிதான். வரி கட்டினா நேர்மாறு.

மீட்டது போக மிச்சத்தில 2 லட்சத்தைச் சேமிப்பில இருந்து பிக்ஸ்ட்டில மாத்தினார் எண்டா M1 உம் M2 வும் ரெண்டும் சும்மா இருக்கும், ரெண்டு கணக்கும் M2 இன்ர வயித்துக்குள்ளதான். ஆனா 1 லட்சத்தைக் காசா எடுத்துக்கொண்டு போய்ப் பிள்ளையின்ர பேரில தேசிய சேமிப்பு வங்கியில போடுறார் எண்டா இங்க ஒரு நுட்பம் இருக்கு. தேசிய சேமிப்பு வங்கி வர்த்தக வங்கி இல்லை, உரிமம் பெற்ற சிறப்பியல்பு வாய்ந்த வங்கி. அந்தப் புத்தகத்தில எழுதியிருக்கிற 1 லட்சம் M2 இல எண்ணப்படாது. லீசிங் குடுக்கிற நிதிக் கம்பனியில போட்டாலும் அப்பிடித்தான். பேரில "வங்கி" எண்டு இருக்கிறதால M2 க்குள்ள தள்ளிவிடுறதுதான் இந்த இடத்தில வழமையா விடுற பிழை. இந்த வைப்புகளையும் சேர்த்துப் பாக்கிறதுக்குத்தான் மத்திய வங்கி M4 எண்டு இன்னொரு அளவு வைச்சிருக்கு. M2 க்கும் M4 க்கும் நடுவில M2b இருக்கு, அது வெளிநாட்டு நாணய வங்கி அலகுகள்ல கிடக்கிற வைப்பையும் சேர்த்துக்கொள்ளும், செய்தியில "விரிந்த பணம்" எண்டு மத்திய வங்கி சொல்லேக்கப் பெரும்பாலும் இந்த M2b யைத்தான் சொல்லுது.

எந்த நிறுவனம் எண்ட கேள்விக்கு வன்னியில எங்களிட்டயே ஒரு உதாரணம் இருக்கு, பேப்பர்ல வராது, ஆனா விளங்கிறதுக்கு இதைவிட நல்லது இல்லை. 1994 இல தொடங்கின தமிழீழ வைப்பகத்தில சனம் சேமிப்பு, நிலையான வைப்பு, நகை அடைவு எல்லாம் செய்தது, எல்லாம் இலங்கை ரூபாயிலதான், தனி நாணயம் எண்டு ஒண்டு இருக்கேல்ல. அந்தப் புத்தகங்கள்ல எழுதியிருந்த வைப்பு ஒண்டும் M2 இல ஏறியிருக்காது, அது மத்திய வங்கியிட்ட உரிமம் எடுத்த வர்த்தக வங்கி இல்லை. ஆனா சனம் அங்க கொண்டுபோய்க் கட்டின தாள்கள்? அது M1 இல இருந்தது! மத்திய வங்கி வெளியிட்ட மொத்தத் தாள்ல வர்த்தக வங்கியளின்ர கையில இருக்கிறதைக் கழிச்சு மிச்சம் எல்லாத்தையும் "பொதுமக்கள் வசமுள்ள நாணயம்" எண்டுதான் கணக்குப் பாக்கிறது. அந்த மிச்சம் தலகாணிக்குக் கீழ இருக்கா, கடை லாச்சியில இருக்கா, வைப்பகத்தின்ர பெட்டகத்தில இருக்கா எண்டு கணக்குக்குத் தெரியாது. அதே காலத்தில கிளிநொச்சியில இயங்கின அரச வர்த்தக வங்கிக் கிளையில போட்டிருந்தா அதே காசு நாணயத்தில இருந்து கழிஞ்சு சேமிப்பு வைப்பா M2 இல நிண்டிருக்கும். 2009 ஓட வைப்பகம் இல்லாமப் போக, சனத்தின்ர சேமிப்பும் அதோட போட்டுது. புத்தகத்தில எழுதின இலக்கத்துக்குப் பின்னால ஆர் நிக்கினம் எண்டதுதான் வைப்பைப் பணமாக்கிறது எண்டு அந்தச் சனத்துக்கு ஆரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

இனிப் பணத்தின்ர தொழிற்பாடுகள். இதை M1, M2 வோட சேராத தனிப்பாடமாப் படிப்பிக்கிறது எனக்கு விருப்பமில்லை, ஏனெண்டா ரெண்டு அளவு ஏன் வந்ததெண்டதுக்குக் காரணமே தொழிற்பாடுதான். பணத்தைப் பரிமாற்று ஊடகமா மட்டும் பாத்தா உடன செலவழிக்கக்கூடியதை எண்ணினாப் போதும், அது M1. பெறுமதியைச் சேமிச்சு வைக்கிற சாமானாவும் பாத்தா கொஞ்சம் மினக்கெட்டுக் காசாக்கக்கூடிய சேமிப்பையும் பிக்ஸ்ட்டையும் எண்ணோணும், அது M2. அண்மைப் பணம் எண்டு படிக்கிறது இந்தச் சேமிப்பையும் தவணையையும்தான்.

வரைவிலக்கணக் கேள்வியில ஒரு சம்பவத்தைத் தந்து இது எந்தத் தொழிற்பாடு எண்டு கேப்பினம். காசு கைமாறுதா எண்டு முதல் பாருங்கோ. சந்தையில மரக்கறிக்குக் காசு குடுத்தா பரிமாற்று ஊடகம். ஒரு பசுவுக்கு 2 லட்சம் மதிப்பு, ஒரு ஏக்கர் வயலுக்கு இவ்வளவு மதிப்பு எண்டு சும்மா விலை பேசினா, அல்லது கடைக்காரர் வருச முடிவில ஸ்டொக்கை ரூபாயில கணக்கெடுத்தா, அங்க ஒரு சதமும் கைமாறேல்ல, அது கணக்கீட்டு அலகு. பெறுமதியின் அளவுகோல் எண்டும் எழுதுவினம், ரெண்டும் ஒண்டுதான். காசை இண்டைக்குச் செலவழிக்காமல் நாளைக்கெண்டு வைச்சா பெறுமதிச் சேமிப்பு. சாமானை இண்டைக்கு வாங்கிப் பிறகு ரூபாயில கட்டுறதெண்டு ஒத்துக்கொண்டா பிற்போடப்பட்ட கொடுப்பனவுக்கான நியமம்.

கடைசி ரெண்டும்தான் குழப்பும், ரெண்டிலயும் காலம் இருக்கு. பசளைக் கடையில கொப்பியில எழுதிவிட்டு வெட்டு முடியக் கட்டுறன் எண்டு சொன்னா அங்க ஒரு கடன் இருக்கு, குடுக்கிறவர் வாங்கிறவர் எண்டு ரெண்டு பேர் இருக்கினம், அது பிற்போடப்பட்ட கொடுப்பனவு. வெட்டுக் காசில கொஞ்சத்தை அடுத்த போகத்துக்கெண்டு அலுமாரியில வைச்சா அங்க கடனில்லை, ஒராள்தான், அது பெறுமதிச் சேமிப்பு. வெட்டு முடிஞ்சு அந்தக் கொப்பிக் கடனைக் காசாக் கட்டுற நாளைக் கேட்டா அதுவும் பிற்போடப்பட்ட கொடுப்பனவுக்குள்ளதான் வரும், பரிமாற்று ஊடகம் எண்டு எழுதினாப் புள்ளி போகும்.

வயல் குத்தகையை எடுத்துப் பாருங்கோ. எங்கட பக்கம் கன இடத்தில ஏக்கருக்கு இத்தனை மூட்டை நெல்லு எண்டுதான் குத்தகை பேசுறது, வெட்டின பிறகு நெல்லாக் குடுக்கிறது. இது பிற்போடப்பட்ட கொடுப்பனவு, ஆனா அதுக்கு நியமமா நிக்கிறது பணமில்லை, நெல்லு. பின்தங்கின முறை எண்டு சிரிக்கிற ஆக்களுக்கு 2022 ஐ ஞாபகப்படுத்தோணும். அந்த வருசம் செப்டெம்பர்ல கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். ஒரு வருசத்துக்கு முன்னால 1 லட்சம் ரூபா கடன் குடுத்து வட்டியில்லாமத் திருப்பி வாங்கின ஆளுக்கு, முந்தி 1 லட்சத்துக்கு வாங்கின சாமானை வாங்க இப்ப 1 லட்சத்து 69,800 வேணும், கையில வந்தது 1 லட்சம்தான். மூட்டைக் கணக்கில குத்தகை பேசின ஆளுக்கு அந்த அடி விழேல்ல. விலை எல்லாம் அப்பவும் ரூபாயிலதான் சொன்னது, கடையில ரூபாயைத்தான் வாங்கினது, ஆக ஊடகமாவும் கணக்கீட்டு அலகாவும் ரூபா வேலை செய்து கொண்டுதான் இருந்தது, பெறுமதிச் சேமிப்பாவும் பிற்போடப்பட்ட கொடுப்பனவுக்கும்தான் விழுந்துபோச்சு. பணவீக்கம் எந்தத் தொழிற்பாடுகளை முதல்ல பாதிக்கும் எண்டு கேட்டா இதுதான் விடை. வன்னிச் சனம் மிச்சக் காசில பவுண் வாங்கி வைக்கிறதும் இந்தக் கணக்குத் தெரிஞ்சுதான், பிறகு காசு தேவைப்பட அதையே அடைவு வைக்கிறது, சங்கிலி சேமிப்பு வேலையைச் செய்யும், ஆனா அதைக் குடுத்துப் பசளை வாங்க ஏலாது.

அந்த 2022, M1 ஐ மட்டும் பாத்து முடிவெடுத்தா என்ன பிழை வரும் எண்டதுக்கும் நல்ல உதாரணம். ஏப்ரல்ல மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே அடியா 7 சதவீதப் புள்ளி கூட்டினது, வைப்பு வசதி வீதம் 13.50 க்கும் கடன் வசதி வீதம் 14.50 க்கும் போச்சு. கொஞ்ச நாள்ல பிக்ஸ்ட் வட்டியும் 20 வீதத்தைத் தாண்ட, நடைமுறைக் கணக்கில வட்டியில்லாமக் கிடந்த காசையும் வீட்டில இருந்த காசையும் சனம் பிக்ஸ்ட்டுக்குத் தள்ளினது. எங்கட மூண்டு கேள்வியைப் போட்டுப் பாத்தா என்ன நடந்திருக்கோணும் எண்டு தெரியும், M1 அமுங்கும், M2 அதால மாறாது. M1 ஐ மட்டும் பாத்திட்டு நாட்டில பணம் குறைஞ்சிட்டு எண்டு சொன்னா அது பொய், பணம் அறை மாறிப் படுத்திருந்தது, அவ்வளவுதான்.

M2b யையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப ஏலாது. டொலர் 200 ரூபாவுக்குக் கிட்ட நிண்டு 2022 இல 360 மட்டும் ஏறினது. கனடாவில இருக்கிற மகன் அனுப்பின 1,000 டொலரை வெளிநாட்டு நாணயக் கணக்கில வைச்சிருக்கிற அம்மா ஒராளை எடுங்கோ. முந்தி அது கணக்கில 2 லட்சம் ரூபா, பிறகு 3 லட்சத்து 60,000. அம்மா ஒரு டொலரும் புதுசாப் போடேல்ல, வங்கி ஒருத்தருக்கும் கடன் குடுக்கேல்ல, ஆனா M2b 1 லட்சத்து 60,000 ஏறிட்டு. அந்த வருசத்து M2b வளர்ச்சியைப் பாத்து "காசு அச்சடிச்சுத் தள்ளிட்டாங்கள்" எண்டு மட்டும் சொன்னவை இந்தத் துண்டைப் பாக்கேல்ல. அச்சடிச்சதும் நடந்ததுதான், அதை இல்லையெண்டு சொல்ல வரேல்ல, ஆனா ஏறினதெல்லாம் அதால இல்லை. அளவு வித்தியாசத்தையும் ஒருக்கா மனசில வைச்சிருங்கோ, 2022 கடைசியில M2b 12 ட்ரில்லியன் ரூபாவுக்கு மேல, M1 ஒண்டரை ட்ரில்லியன் அளவு, கிட்டத்தட்ட எட்டில ஒரு பங்கு. நாங்கள் காசு எண்டு கையில தொட்டுப் பாக்கிறது அதிலயும் ஒரு பங்குதான்.

இப்ப நீங்கள் கேப்பியள், ஏ.ரி.எம் கார்ட் இருக்கு, போன்ல அப் இருக்கு, சேமிப்புக் கணக்கில இருந்து செக்கன்ல கடைக்காரருக்கு அனுப்பலாம், பிறகேன் சேமிப்பு M1 இல இல்லையெண்டு. நியாயமான கேள்விதான், உண்மையைச் சொன்னா இந்தப் பிரிப்புச் செய்யேக்க சேமிப்புப் புத்தகத்தைக் கொண்டுபோய் லைன்ல நிண்டுதான் காசெடுக்கலாம், இப்ப அந்த வித்தியாசம் தேய்ஞ்சு போச்சு. இதால சில நாடுகள்ல வரைவிலக்கணத்தையே மாத்திட்டினம். அமெரிக்காவில 2020 மே தொடக்கம் சேமிப்பு வைப்பையும் M1 க்குள்ள சேர்த்திட்டினம், அதால அந்த வரைபில M1 ஒரே மாசத்தில மலை மாதிரி நிமிரும், அது காசு பெருகினதில்லை, கோடு மாறினது. இந்தியாவில சேமிப்பு வைப்பில ஒரு பகுதியைக் கேள்வி வைப்பெண்டு எடுத்து M1 இல போடுவினம், மிச்சம் வெளியால.

அதால யூரியூப்ல இந்திய வீடியோவோ அமெரிக்க வீடியோவோ பாத்துப் படிக்கிற பிள்ளையள் கவனம். அங்க ரீச்சர் சேமிப்பு M1 எண்டு சொன்னா அவர் பிழையாச் சொல்லேல்ல, தன்ர நாட்டுக் கணக்கைச் சொல்லுறார். உங்கட பேப்பர்ல மற்ற நாடெண்டு சொல்லாத வரைக்கும் இலங்கை மத்திய வங்கியின்ர கோடுதான், சேமிப்பு M2, தேசிய சேமிப்பு வங்கியும் நிதிக் கம்பனியும் M4, ஏ.ரி.எம்முக்குள்ள கிடக்கிற தாள் ஒண்டிலயும் இல்லை.